ஃபார்முலா 1 வெற்றியாளர், போடியம் விலைகளைக் கணக்கிடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதில் ‘விலை’ என்று சொல்வதெல்லாம் தசம ஆட்ஸ்தான். வாய்ப்பு 50 சதவீதம் என்றால் நியாய விலை 2.00, 25 சதவீதம் என்றால் 4.00. ஒன்றை வாய்ப்பால் வகுத்தால் விலை வந்துவிடும்.

போல் எடுத்தவரையே ஃபேவரிட்டாகப் போட்டுவிட்டால் போதாதா?

சில ட்ராக்கில் போதும். 2024 மொனாக்கோவில் லெக்ளேர் போலிலிருந்து கிளம்பி ஜெயித்தார், முதல் பத்து பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு கிரிட் பட்டியலையே ரிசல்ட் என்று ஒட்டியிருக்கலாம்.

ஆனால் 2022 பெல்ஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பா ட்ராக்கில் வெர்ஸ்டாப்பன் குவாலிஃபையிங்கில் 1:43.665 ஓட்டினார். அடுத்து வந்த சைன்ஸ் 1:44.297, அதாவது 0.632 நொடி பின்னால். வெர்ஸ்டாப்பன் என்ஜின் பாகங்களை வரம்புக்கு மேல் மாற்றியிருந்ததால் பெனால்டி விழுந்து 14வது இடத்திலிருந்து கிளம்பினார், போல் இடம் சைன்ஸுக்குப் போனது. பாதி பந்தயம் முடியும் முன்பே வெர்ஸ்டாப்பன் முன்னால் வந்துவிட்டார், கடைசியில் 17.8 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எனக்கு இந்தப் பந்தயம் பிடித்ததற்குக் காரணம், சாதாரணமாக ஒட்டிக்கொண்டே வரும் இரண்டு விஷயங்கள் இதில் பிரிந்து நிற்கின்றன. வேகமான கார்தான் முன்னால் நிற்கும், அதனால் ஜெயித்தது வேகத்தாலா இடத்தாலா என்று பெரும்பாலான வாரங்களில் பிரித்துப் பார்க்கவே முடியாது. பெனால்டி வாரங்களில்தான் முடியும். அதனால் கீழே கணக்கு முழுக்க இந்த ஸ்பா பந்தயத்தை வைத்தே போகிறது.

குவாலிஃபையிங் நேர வித்தியாசத்தைப் பந்தய வேகமாக எப்படி மாற்றுவது?

அப்படியே எடுக்காதீர்கள், சுருக்குங்கள். குவாலிஃபையிங்கில் கார் காலி டாங்கோடு, புது சாஃப்ட் டயரில், ஒரே ஒரு சுற்றுக்கு உயிரைக் கொடுத்து ஓடுகிறது. பந்தயத்தில் (2025 வரையிலான விதிப்படி) 110 கிலோ வரை எரிபொருள் ஏற்றிக்கொண்டு, டயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறது. முன்னால் போகிறவர் தேவையில்லாமல் வேகத்தைக் காட்டவும் மாட்டார். அதனால் ஒரு சுற்றில் தெரிந்த 0.6 நொடி, பந்தயத்தில் சுற்றுக்கு 0.6 நொடியாக நிற்காது. நான் பாதியில் ஆரம்பிப்பேன். 0.632 என்பது சுற்றுக்கு சுமார் 0.32 நொடி, ஸ்பாவில் 44 சுற்று, ஆக மொத்தம் 14 நொடி.

வேறு வேறு ட்ராக்கை ஒப்பிடும்போது நொடியை விட்டுவிட்டு போல் நேரத்தின் சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பா ஏழு கிலோமீட்டர் ட்ராக், அங்கே 0.6 நொடி என்பது 0.6 சதவீதம்தான். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே சுற்று முடிகிற ஆஸ்திரியாவில் அதே 0.6 நொடி மலை.

இன்னொன்று, நேரத்தை எடுக்கும் முன் அது எப்படி வந்த நேரம் என்று பாருங்கள். கடைசி நிமிடத்தில் மஞ்சள் கொடி வந்து சுற்றைக் கைவிட்டவர், காய்ந்துகொண்டிருந்த ட்ராக்கில் சீக்கிரமே ஓடி முடித்தவர், எப்படியும் பின்னால்தான் கிளம்பப் போகிறோம் என்று டீம்மேட்டுக்கு முன்னால் போய்க் காற்றை உடைத்துக் கொடுத்தவர், இவர்கள் மூவரின் நேரமும் பொய் சொல்லும். Q1இலேயே வெளியேறியவரை Q3 போல் நேரத்தோடு ஒப்பிடுவதும் தப்பு, ட்ராக் அதற்குள் வேகமாகியிருக்கும். அவரவர் ஓடிய அதே பகுதியில் மற்றவர்கள் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அடி விழும். அதே ஸ்பாவில் மெர்சிடிஸ் கார்கள் குவாலிஃபையிங்கில் 1.8 நொடிக்கு மேல் பின்தங்கியிருந்தன. பந்தயத்தில் ரஸ்ஸல் நான்காவதாக, மூன்றாவது வந்த சைன்ஸுக்குச் சில நொடிகள் பின்னால் முடித்தார். அந்த சீசன் முழுக்கவே அந்தக் கார் ஒரு சுற்றைவிட நீண்ட ஓட்டத்தில் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை பயிற்சியில் எரிபொருளோடு ஓடும் நீண்ட ஓட்டங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் பலன்.

கிரிட்டில் ஒரு இடம் பின்னால் நின்றால் எத்தனை நொடி நஷ்டம்?

வெறும் தூரத்தைக் கேட்டால் ரொம்பக் குறைவு. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் 8 மீட்டர். முதல் இடத்துக்கும் 14வது இடத்துக்கும் 104 மீட்டர்தான், பந்தய வேகத்தில் இரண்டு நொடி கூட வராது. உண்மையான நஷ்டம் முன்னால் நிற்கும் கார்களைத் தாண்டுவதில் இருக்கிறது. முன்கார் கலைத்துவிட்ட காற்றில் போகும்போது டயர் சூடாகும், பிரேக் சூடாகும், முந்த முடியாமல் இரண்டு சுற்று மாட்டிக்கொண்டால் அதற்குள் முதலில் போகிறவர் தப்பித்துவிடுவார்.

ஸ்பா மாதிரி நீளமான நேர்பாதை உள்ள ட்ராக்கில் இடத்துக்கு 0.7 நொடி என்று வைக்கிறேன். 13 இடம் பின்னால் என்றால் 9 நொடி. இது நான் போட்டுக்கொண்ட எண், விதியில்லை.

மொனாக்கோவில் இந்தக் கணக்கே உடைந்துவிடும். அங்கே நொடி நஷ்டமில்லை, சுவர்தான் இருக்கிறது. சுற்றுக்கு ஒரு நொடி வேகமான கார்கூட பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மாடலை மாற்றாமல் சமாளிக்க வேண்டுமானால் வேகத்தின் சுருக்கத்தைப் பாதியிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைத்து, இடத்தின் விலையை நான்கைந்து நொடியாக ஏற்றுங்கள். அசிங்கமான ஒட்டுவேலைதான், ஆனால் வேலை செய்கிறது.

நிறையப் பேர் விழும் குழி ஒன்று இங்கே உண்டு. ‘போலிலிருந்து கிளம்பியவர்கள் இத்தனை சதவீதம் ஜெயித்திருக்கிறார்கள்’ என்ற எண்ணை எடுத்து, அதற்கு மேல் குவாலிஃபையிங் வேகத்தையும் சேர்ப்பார்கள். போல் எடுத்தவர் போல் எடுத்ததே வேகத்தால்தான். அந்தச் சதவீதத்துக்குள் வேகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். அறிகுறி என்னவென்றால் உங்கள் ஃபேவரிட் விலை எல்லா வாரமும் மார்க்கெட்டைவிடச் சின்னதாகவே வரும்.

சரி, ஒரு பந்தயத்துக்கு முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்.

ஸ்பா 2022, ஞாயிறு காலை, கிரிட் பட்டியல் கையில் இருக்கிறது என்று வையுங்கள். சைன்ஸை பூஜ்யமாக வைத்து மற்றவர்களை அவரோடு ஒப்பிடுகிறேன்.

வெர்ஸ்டாப்பனுக்கு வேகத்தில் 14 நொடி லாபம், கிரிட்டில் 9 நொடி நஷ்டம், மிச்சம் 5 நொடி முன்னால். பெரெஸ் குவாலிஃபையிங்கில் சைன்ஸைவிட 0.165 நொடி மெதுவு, கிளம்புவது இரண்டாவது இடம், ஆக 4 நொடி சொச்சம் பின்னால். லெக்ளேர் 0.256 நொடி மெதுவு, அவருக்கும் பெனால்டி விழுந்து 15வது இடம், ஆக 15 நொடி பின்னால். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இடத்திலிருந்து கிளம்பும் அலோன்சோ, ஹாமில்டன், ரஸ்ஸல் மூவரும் இந்தக் கணக்கில் 25 முதல் 35 நொடி பின்னால்.

இதெல்லாம் சராசரி. இதற்கு மேல் ஒவ்வொரு காருக்கும் 12 நொடி திட்ட விலக்கத்தோடு ஒரு தற்செயலைச் சேர்க்க வேண்டும். பிட் ஸ்டாப் சொதப்பல், டயர் கணிப்பு, டிராஃபிக் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு கார்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் விலக்கம் 12ஐ √2ஆல் பெருக்கினால் வரும் 17. ஆக வெர்ஸ்டாப்பனின் 5 நொடி முன்னிலை என்பது 5/17, சுமார் 0.3 விலக்கம். இருவரும் முடித்தால் வெர்ஸ்டாப்பன் முன்னால் வரும் வாய்ப்பு 62 சதவீதம்தான். 5 நொடி கேட்கப் பெரிதாக இருக்கிறது, விலையில் பார்த்தால் அவ்வளவு பெரிதில்லை.

அடுத்து கார் நிற்கும் வாய்ப்பு. எல்லோருக்கும் 8 சதவீதம், கும்பலுக்குள்ளிருந்து கிளம்பும் வெர்ஸ்டாப்பனுக்கும் லெக்ளேருக்கும் முதல் சுற்று மோதலுக்காக 12 சதவீதம்.

கையால் எல்லாரையும் போட்டுப் பார்ப்பது பாடு, அதனால் இத்தனூண்டு கோட்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
names = ["VER","SAI","PER","LEC","ALO","HAM","RUS"]
gap  = np.array([0, .632, .797, .888, 1.703, 1.838, 2.111])
grid = np.array([14, 1, 2, 15, 3, 4, 5])
dnf  = np.array([.12, .08, .08, .12, .08, .08, .08])
N = 200_000
t = gap*0.5*44 + (grid-1)*0.7 + rng.normal(0, 12, (N, 7))
t[rng.random((N, 7)) < dnf] = 1e6
rank = t.argsort(1).argsort(1)
for n, w, p in zip(names, (rank==0).mean(0), (rank<3).mean(0)):
    print(n, round(w, 3), round(p, 3))
```

வெற்றிக்கு வருவது ஏறக்குறைய இப்படி: வெர்ஸ்டாப்பன் 45 சதவீதம், சைன்ஸ் 30, பெரெஸ் 19, லெக்ளேர் 4, மற்றவர்கள் சேர்ந்து 2. விலையாக மாற்றினால் 2.2, 3.3, 5.2 சொச்சம், லெக்ளேருக்கு 24 பக்கம். எல்லா காரும் கட்டாயம் முடிக்கும் என்று வைத்துப் போட்டால் வெர்ஸ்டாப்பன் 49 வருவார். நிற்கும் வாய்ப்பு அவரிடமிருந்து பறித்ததில் ஒரு பகுதி, மற்றவர்கள் நிற்கும்போது அவருக்கே திரும்பி வருகிறது, அதனால்தான் 12 சதவீத ஆபத்து இருந்தும் இறக்கம் நான்கு புள்ளியோடு நிற்கிறது.

நடந்ததை வைத்து ‘பாருங்கள், 45தானா போட்டீர்கள்’ என்று கேட்கலாம். அன்றைக்கு அந்தக் கார் இருந்த வேகத்துக்குப் பாதிச் சுருக்கம் கஞ்சத்தனம்தான், 0.6 என்று வைத்திருந்தால் இன்னும் கிட்டே வந்திருக்கும். ஆனால் ஒரு பந்தயத்தைப் பார்த்து அந்த எண்ணைத் திருப்பினால் அடுத்த வாரம் வேறு பந்தயத்தைப் பார்த்து மறுபடி திருப்ப வேண்டிவரும்.

0.5, 0.7, 12 எல்லாம் நீங்களாக அடித்துவிட்ட எண்களா?

ஆரம்பம் ஊகம், அப்புறம் பழைய பந்தயங்களை வைத்துத் திருத்தியது. திருத்தும்போது வெற்றியாளரை மட்டும் வைத்துத் திருத்தாதீர்கள். ஒரு சீசனில் 24 பந்தயம், அதாவது 24 விடை, அதிலும் பாதி ஒரே ஆள். அதை வைத்து மூன்று எண்களைப் பிடிக்க முடியாது. ஜோடிகளை எடுங்கள். ஒரு பந்தயத்தில் முடித்த கார்கள் 17 என்றால் யார் யாரை முந்தி வந்தார்கள் என்று 136 ஜோடி கிடைக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் மாடல் சொன்ன வாய்ப்பையும் நடந்ததையும் வைத்து லாக்-லாஸ் குறையும்படி எண்களைத் தள்ளுங்கள். ஒரே பந்தயத்தின் ஜோடிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் 136ம் 136 தனித் தகவல் ஆகாது, இருந்தாலும் 24ஐவிடப் பல மடங்கு மேல்.

முடிவு நேர வித்தியாசத்தை வைத்துத் திருத்தலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், விலக்கம் அநியாயத்துக்குச் சின்னதாக வந்தது. காரணம் சேஃப்டி கார். அது வந்தால் 25 நொடி இடைவெளி எல்லாம் ஒன்றிரண்டு நொடியாகச் சுருங்கிவிடும், மாடல் அதைப் பார்த்து கார்கள் எல்லாம் ஒரே வேகம் என்று நினைத்துக்கொள்ளும். வரிசையை மட்டும் பார்ப்பது நல்லது.

கார் நிற்கும் வாய்ப்பை எந்த டேட்டாவிலிருந்து எடுப்பது?

சொந்த டேட்டா எப்போதும் போதாது, அதனால் பொதுச் சராசரியோடு கலக்க வேண்டும். 2022இல் முதல் மூன்று பந்தயத்துக்குப் பிறகு ரெட் புல்லை நினைத்துப் பாருங்கள். பஹ்ரைனில் கடைசிச் சுற்றுகளில் இரண்டு காரும் எரிபொருள் கோளாறில் போயின, ஆஸ்திரேலியாவில் வெர்ஸ்டாப்பன் மறுபடி நின்றார். ஆறு ஸ்டார்ட்டில் மூன்று கோளாறு, 50 சதவீதம். இதை அப்படியே நான்காவது பந்தயத்துக்குப் போட்டால் பைத்தியக்காரத்தனம்.

நான் செய்வது, இயந்திரக் கோளாறுக்குப் பொதுச் சராசரி 5 சதவீதம் என்று வைத்து, அதற்கு 40 ஸ்டார்ட் எடை கொடுப்பேன். அதாவது 40 ஸ்டார்ட்டில் 2 கோளாறு ஏற்கெனவே நடந்ததாகக் கற்பனை. அதோடு உண்மையான 6இல் 3ஐச் சேர்த்தால் 46இல் 5, சுமார் 11 சதவீதம். சராசரியைவிட இரண்டு மடங்கு, பயப்பட வேண்டிய அளவுதான், ஆனால் 50 இல்லை. அந்த சீசனில் அதன்பிறகு வெர்ஸ்டாப்பனின் கார் ஒரு பந்தயத்தில்கூட நிற்கவில்லை.

மோதலை இதோடு கலக்காதீர்கள். இயந்திரக் கோளாறு டீமுக்கும் என்ஜினுக்கும் சொந்தம், மோதல் பெரும்பாலும் கிரிட் இடத்துக்கும் ட்ராக்குக்கும் சொந்தம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், நடுக்கூட்டத்தில் கிளம்பி இடிபட்டவரின் கார் ‘நம்பகமில்லாதது’ ஆகிவிடும், அவர் அடுத்த வாரம் முன் வரிசையில் நிற்கும்போதும் அந்தத் தண்டனை தொடரும்.

ரிசல்ட் பட்டியலில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியும் உண்டு. பந்தய தூரத்தில் 90 சதவீதம் ஓடியவருக்கு, கார் நின்றுபோனாலும் இடம் கொடுப்பார்கள். மேலே சொன்ன பஹ்ரைனில் பெரெஸ் 18வது, வெர்ஸ்டாப்பன் 19வது என்றுதான் அதிகாரப்பூர்வப் பட்டியல் சொல்கிறது. இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எண்ணும் ஸ்கிரிப்ட், இரண்டையும் ‘முடித்தார்’ என்று எண்ணிவிடும். முன்வரிசைக் காருக்கு 18, 19 என்று வந்தால் கையால் ஒருமுறை பாருங்கள்.

வெற்றி விலை கையில் இருந்தால் போடியம் விலை ஃபார்முலாவில் வந்துவிடுமே?

வரும், தப்பாக வரும். நீங்கள் சொல்வது ஹார்வில் ஃபார்முலா. குதிரைப் பந்தயத்தில் வளர்ந்த பழக்கம் அது. ஒருவர் ஜெயித்துவிட்டால் அவரை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பவர்களின் வெற்றி வாய்ப்பை அதே விகிதத்தில் பங்கு பிரித்து இரண்டாம் இடம், மறுபடி மூன்றாம் இடம் என்று போவார்கள்.

மேலே வந்த 45, 30, 19, 4, மீதி 2 என்பதை அதில் போட்டுப் பாருங்கள். வெர்ஸ்டாப்பனுக்குப் போடியம் வாய்ப்பு 95 சதவீதம் பக்கம் வரும். கொஞ்சம் நில்லுங்கள், அவர் கார் நிற்கும் வாய்ப்பையே 12 என்று நாம்தான் வைத்தோம். எல்லாம் நன்றாக நடந்தாலும் 88ஐத் தாண்டவே முடியாது. சிமுலேஷன் தருவது 83 சுற்றளவு. 95க்கு நியாய விலை 1.05, 83க்கு 1.20. 1.12க்கு யாராவது விற்றால் ஹார்வில் ஆசாமி ஓடிப்போய் வாங்குவார், வாங்கக்கூடாது.

மறுபக்கம் லெக்ளேர். ஹார்வில் கணக்கில் அவருக்குப் போடியம் 22 சதவீதம், விலை நாலரை. சிமுலேஷனில் 36 பக்கம், விலை 2.8. இரண்டுக்கும் ஒரே கார், ஒரே வெற்றி வாய்ப்பு. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஜெயிக்க அவர் மூன்று பேரையும் தாண்ட வேண்டும், 15வது இடத்திலிருந்து அது கிட்டத்தட்ட நடக்காது. மூன்றாவது வர, மூவரில் ஒருவர் தடுக்கினால் போதும், பின்னால் வருகிற கூட்டம் பத்து நொடிக்கு அப்பால் இருக்கிறது. மூவரில் ஒருவராவது நிற்கும் வாய்ப்பே 25 சதவீதத்தைத் தொடும். வெற்றி விலையை மட்டும் பார்க்கும் ஃபார்முலாவுக்கு இது எதுவும் தெரியாது. 4 சதவீதம் என்பது ‘எப்போதாவது அசத்துகிறவர்’ என்பதாலா ‘எப்போதும் நான்காவது வருகிறவர்’ என்பதாலா என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

நடந்தது என்னவோ வேறு. வெர்ஸ்டாப்பன் கழற்றி எறிந்த ஹெல்மெட் கண்ணாடிப் படலம் ஒன்று லெக்ளேரின் பிரேக் குழாயில் போய் மாட்டிக்கொண்டது, ஆரம்பத்திலேயே பிட்டுக்குள் வர வேண்டியதாயிற்று, கடைசியில் ஆறாவது. இதற்கு மாடலில் தனி வரி கிடையாது, 12 நொடி தற்செயலுக்குள் இதுவும் ஒன்று.

ஒரே டீமின் இரண்டு கார்களையும் தனித்தனியாக ஓட்டுவது சரியா?

முழுச் சரி இல்லை. அன்றைக்கு கார் டயரைத் தின்றால் இரண்டும் தின்னும். 12 நொடி தற்செயலை இரண்டாகப் பிரித்து, டீமுக்குப் பொதுவாக ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள் (7ம் 10ம் என்றால் வர்க்கங்களைக் கூட்டும்போது 12 வந்துவிடும்). வெற்றி விலை அதிகம் மாறாது. ‘ஒரே டீம் 1-2’ மாதிரி மார்க்கெட்டுகளில்தான் இது கடிக்கும்.

மழை, சேஃப்டி கார், சிவப்புக் கொடி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் காலிதானே?

காலிதான், அதையும் விலைக்குள் வைக்க வேண்டும். 2024 பிரேசிலில் வெர்ஸ்டாப்பன் மழையில் 17வது இடத்திலிருந்து ஜெயித்தார். 2021 ஹங்கேரியில் முதல் வளைவிலேயே முன்வரிசைக் கார்கள் மோதிக்கொள்ள, எட்டாவது இடத்திலிருந்து ஓகோன் ஜெயித்தார். மேலே உள்ள மாடல் இந்த இரண்டுக்கும் தந்திருக்கும் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

விலக்கத்தை 12இலிருந்து 20க்கு ஏற்றுவது தீர்வல்ல, அது சாதாரண நாளையும் குழப்பிவிடும். இரண்டு உலகம் வைப்பது மேல். காய்ந்த நாளில் 88 சதவீதம் சாதாரணம், 12 சதவீதம் குழப்பம். குழப்ப உலகில் விலக்கம் 40 நொடி. அப்படிச் செய்தால் நம் ஸ்பாவில் வெர்ஸ்டாப்பன் 45இலிருந்து இரண்டு புள்ளி சொச்சம் இறங்குவார், ‘மற்றவர்கள்’ 2இலிருந்து 5 பக்கம் ஏறுவார்கள். ஃபேவரிட்டுக்கு இது பெரிய மாற்றமில்லை, ஆனால் 100க்கு மேல் விலையுள்ள ஆட்களுக்கு இது இரட்டிப்புக்கும் மேல். மழை எதிர்பார்க்கப்படும் நாளில் 12ஐ 35, 40 என்று ஏற்றுங்கள்.

என் எண்ணை மார்க்கெட் விலையோடு ஒப்பிடும்போது மார்ஜினை எப்படிக் கழிப்பது?

வெற்றி மார்க்கெட்டில் எல்லா விலைகளின் தலைகீழையும் கூட்டினால் 100க்கு மேல் எவ்வளவோ அது மார்ஜின். போடியத்தில் மூன்று பேர் ஏறுவதால் நியாயக் கூட்டல் 300. இதை மறந்து போடியம் பட்டியலை 100க்கு வகுத்துவிட்டு, எல்லாம் தப்பு விலை என்று குதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமமாக வகுப்பதும் அவ்வளவு நல்லதில்லை. பின்னால் நிற்கும் பதினைந்து பேருக்கு 101, 151, 201 என்று விலை போட்டிருப்பார்கள், அவர்களின் உண்மை வாய்ப்பு அதைவிட ரொம்பக் குறைவு, மார்ஜினின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சமமாக வகுத்தால் ஃபேவரிட்டிடமிருந்து அதிகமாகக் கழித்துவிடுவீர்கள், அப்புறம் உங்கள் மாடல் ஒவ்வொரு வாரமும் ‘ஃபேவரிட்டை வாங்கு’ என்று சொல்லும். `p = (1/o)^k` என்று வைத்து, கூட்டல் 1 வரும்வரை k-ஐ ஏற்றுங்கள். சின்ன வாய்ப்புகள் இதில் அதிகம் தேயும். போடியத்துக்கு அதே வேலை, கூட்டல் 3.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் 45க்கும் மார்க்கெட் சொல்வதற்கும் இடையே பத்து புள்ளி வித்தியாசம் என்றால், முதலில் உங்கள் மேல் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் கிரிட்டை எடுக்கும்போது பெனால்டிக்கு முந்தைய பட்டியலை எடுத்திருப்பீர்கள். குவாலிஃபையிங் முடிவும் கிளம்பும் வரிசையும் வேறு, ஞாயிற்றுக்கிழமை யாராவது பிட் லேனிலிருந்து கிளம்ப முடிவு செய்தால் அதுவும் மாறும்.

கோட்டை முதலில் கடந்தவருக்குத்தானே பணம்?

எப்போதும் இல்லை, இது மாடலைவிட அந்தந்த புக்கின் விதியைப் படிக்க வேண்டிய விஷயம். 2019 கனடாவில் வெட்டல் முதலில் கடந்தார், 5 நொடி பெனால்டியால் வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. அது பந்தயத்தின் நடுவிலேயே கொடுத்த பெனால்டி, அதனால் போடியத்தில் ஏறும்போதே தெரிந்த விஷயம். 2024 ஸ்பா வேறு மாதிரி. ரஸ்ஸல் ஜெயித்து, போடியத்தில் கோப்பையும் வாங்கிய பிறகு, கார் குறைந்தபட்ச எடைக்கு 1.5 கிலோ கீழே இருந்தது தெரிந்து தகுதி நீக்கம் செய்தார்கள், வெற்றி ஹாமில்டனுக்கு மாறியது. போடியத்தில் நின்றவரை வைத்துப் பட்டுவாடா செய்யும் இடத்தில் அன்று ரஸ்ஸல் சீட்டு செல்லும், இறுதி முடிவை வைத்துச் செய்யும் இடத்தில் ஹாமில்டன் சீட்டு செல்லும். ஒரே பந்தயத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஆளை வெவ்வேறு விலையில் பார்த்தால், விலையை ஒப்பிடும் முன் இதை ஒப்பிடுங்கள்.